மின்னஞ்சலில் வந்த பணம் இப்போது எங்கே இருக்கிறது?

கேள்வி: டொராண்டோவில் என்னுடன் தங்கியிருக்கும் நண்பர், வாடகைப் பங்கு 650 டாலரை என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, என் கணக்கில் வரவில்லை. ஓர் இணைப்பும் ரகசியக் கேள்வியும்தான் வந்திருக்கின்றன. அதைத் தொடலாமா?

பதில்: பணம் மின்னஞ்சலுக்குள் இல்லை. கனடிய வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் அனுப்பும் முறையான இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில் மின்னஞ்சல் வெறும் தகவல் சீட்டு. அனுப்பியவரின் வங்கி தொகையை உடனே கழித்துவிட்டு, நீங்கள் உரிமை கோரும்வரை அதை நிறுத்தி வைத்திருக்கிறது. நீங்கள் அதை ஏற்காவிட்டால், வழக்கமாக 30 நாளில் காலாவதியாகி, பணம் அனுப்பியவருக்கே திரும்பும்.

தொடுவதற்கு முன் நண்பரிடம் நேரில் அல்லது தொலைபேசியில் கேட்டு, தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உண்மையான அறிவிப்பு notify@payments.interac.ca என்ற முகவரியிலிருந்து வரும். ஆனால் அனுப்புநர் முகவரியைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், அதை மட்டும் நம்ப வேண்டாம். இணைப்பு திறக்கும் பக்கத்தின் தளப்பெயர், அதாவது https://-க்குப் பின் அடுத்த சாய்கோடு வரை உள்ள பகுதி, .interac.ca என்று புள்ளியோடு முடிகிறதா என்று பாருங்கள். அங்கே உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அதன் வழக்கமான உள்நுழைவுப் பக்கமோ செயலியோ திறக்கும். ஏடிஎம் ரகசிய எண்ணைக் கேட்கும் பக்கம் போலி, உடனே மூடிவிடுங்கள்.

உள்ளே சென்றபின் கேள்விக்கு விடை தந்து, எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. நம்மவர்கள் பெரும்பாலும் இடறுவது விடையின் எழுத்துக்கூட்டலில்தான். நண்பர் kovil என்று பதிந்திருக்க, நீங்கள் koyil என்று தட்டினால் அது தவறான விடை. சில முறை தவறினால் அந்தப் பரிமாற்றமே முடக்கப்படும், பிறகு நண்பர் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக அனுப்ப நேரும். ஊகித்துப் பார்க்காமல், எழுத்துக்கு எழுத்து கேட்டுக்கொள்ளுங்கள். அதையும் தொலைபேசியில் கேளுங்கள்.

மின்னஞ்சலில் கேட்கக் கூடாததற்குக் காரணம் உண்டு. உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் வேறொருவர் புகுந்திருந்தால், இணைப்பு அவரிடமும் இருக்கும். விடை ஒன்றுதான் அவருக்குத் தடை. அது அதே பெட்டியில் கிடந்தாலோ, 'நம் ஊர் எது?' போல எளிதில் ஊகிக்கக் கூடியதாக இருந்தாலோ, உங்களுக்கு முன்பே அவர் பணத்தைத் தம் கணக்கில் போட்டுக்கொள்வார். ஒருமுறை வரவு வைக்கப்பட்டபின் அனுப்பியவரால் அதை ரத்து செய்ய முடியாது.

மாதாமாதம் வாடகை வருவதானால் இந்தச் சடங்கே வேண்டாம் என்பேன். உங்கள் வங்கியில் ‘ஆட்டோடெபாசிட்’ பதிந்துவிடுங்கள். பதிந்த மின்னஞ்சல் ஒரே ஒரு கணக்குடன் இணைந்திருக்கும். கேள்வி இல்லை, இணைப்பைத் தொடவும் தேவையில்லை, பணம் நேரே வந்து சேரும். அனுப்பும் முன் உங்கள் பதிவுப் பெயர் நண்பரின் திரையில் தெரியும், அதை அவர் சரிபார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு 'பணத்தைப் பெற இங்கே தொடுங்கள்' என்று உங்கள் முகவரிக்கு ஓர் அஞ்சல் வந்தால், அதைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.