பாராட்டுச் சுற்றறிக்கைக்கு எந்தத் தமிழ்?

கேள்வி: ஊழியர்களைப் பாராட்டி ஒரு சுற்றறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முறையான எழுத்துத் தமிழில் எழுதுவதா, பேசுகிற மாதிரியே எழுதுவதா?

எழுத்துத் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் கோப்புகளில் வரும் அந்த விறைப்பான நடை வேண்டாம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலர் பேச்சுத் தமிழுக்குத் தாவுகிறார்கள்.

ஆண்டு இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பை முடித்தவர்களுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி வரும்: "கணக்கெடுப்புப் பணியினைச் சிறப்புற நிறைவேற்றிய அனைத்துப் பணியாளர்களின் அர்ப்பணிப்புணர்வு நிர்வாகத்தால் பெரிதும் பாராட்டப்படுகிறது." பிழை இல்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பதே இதில் இல்லை. பாராட்டுகிறவரும் "நிர்வாகத்தால்" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

சரி, பேச்சில் எழுதினால்? "ராத்திரியெல்லாம் தூங்காம எண்ணிக் குடுத்தீங்க, ரொம்ப தேங்க்ஸ்." நேரில் சொன்னால் இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. தாளில் அந்தக் குரல் இருக்காது. பேச்சுத் தமிழுக்கு எல்லாரும் ஏற்ற எழுத்துக்கூட்டலும் இல்லை. முடிச்சிட்டீங்களா, முடிச்சுட்டீங்களா? குடுத்தீங்களா, கொடுத்தீங்களா? எதை எழுதினாலும் ஒருசாராருக்கு அது அடுத்த வட்டாரத்துப் பேச்சாகத் தெரியும். பாராட்டுக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது அவசரத்தில் அனுப்பிய குறுஞ்செய்தி போலவும் படலாம்.

நான் இப்படி எழுதுவேன்: "கணக்கெடுப்பு இந்த முறை குறித்த நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது. கிடங்கில் இருப்பவர்களே, இரண்டு இரவுகள் தங்கி எண்ணினீர்கள். பதிவேட்டோடு ஒத்துப்போகாத சரக்கை யாரும் சொல்லாமலே மறுபடி எண்ணிச் சரிபார்த்தீர்கள். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி." வினைமுற்றெல்லாம் எழுத்துத் தமிழ்தான், சொற்கள் தினமும் புழங்குபவை. பாராட்டுக்கு உயிர் கொடுப்பது அந்த "மறுபடி எண்ணி" என்ற விவரம்.

அப்புறம், நாம், நாங்கள் என்பதில் கவனமாக இருங்கள். கையெழுத்திடுபவர் அன்று வீட்டுக்குப் போயிருந்தால் "நாம் இரவெல்லாம் உழைத்தோம்" என்று எழுதக்கூடாது. உழைத்தவர்கள் அதை உடனே கவனிப்பார்கள். "நாங்கள் நன்றி கூறுகிறோம்" என்றால் மேலிடம் ஒரு பக்கம், ஊழியர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். ஒருவர் கையெழுத்திட்டால் "நான்" போதும். செய்த வேலைக்கு "நீங்கள்", கிடைத்த பலனைச் சொல்லும்போது மட்டும் "நம் கிடங்கு".

மரியாதையும் ஒரே அளவில் இருக்கட்டும். மேலாளருக்குத் "திரு" போட்டால் ஓட்டுநருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் போடுங்கள்.

கூட்டத்தில் வாசிப்பதற்கும் தனியாக எழுத வேண்டியதில்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "எண்ணினீர்கள்" தானாக "எண்ணினீங்க" என்று வந்தால் வாக்கியம் சரி. நாக்கு தடுக்கும் இடத்தில் மட்டும் சொல்லை மாற்றுங்கள்.