1 முதல் 1000 வரை ஒரு எண்: எத்தனை கேள்வி போதும்?

நண்பர் 1000க்குள் ஒரு எண் நினைத்திருக்கிறார். ஆம், இல்லை மட்டும்தான் சொல்வார். எத்தனை கேள்வியில் நிச்சயமாகப் பிடிக்கலாம்?

பத்து. ஒன்பது கேள்விக்கு வரக்கூடிய பதில் வரிசைகள் மொத்தமே 512. எண்களோ 1000. எப்படிக் கேட்டாலும் ஏதோ இரண்டு எண்களுக்கு ஒரே வரிசை வந்துவிடும், அவற்றைப் பிரிக்க முடியாது. பத்துக் கேள்விக்கு 1024 வரிசைகள் உண்டு.

நினைத்த எண் 618 என்று வைத்துப் பார்ப்போம். 500க்கு மேலா? ஆம். 750க்கு மேலா? இல்லை. 625? இல்லை. 563? ஆம். 594? ஆம். 610? ஆம். 618க்கு மேலா? இல்லை. இப்போது 611 முதல் 618 வரை எட்டே எண்கள். 614? ஆம். 616? ஆம். 617? ஆம். விடை 618.

பலர் சறுக்குவது 618 கேட்ட இடத்தில்தான். "618க்கு மேல் இல்லை" என்றால் 618 இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் விடை கிடைக்காது.

சரிபாதியாக வெட்டினால்தானே இது நடக்கும்? 125 வந்ததும் பாதி உடையுமே?

சரிபாதி தேவையில்லை. பெரிய பங்கு மீதிக் கேள்விகளுக்குள் அடங்கினால் போதும். முதல் வெட்டுக்குப் பின் ஒன்பது கேள்வி மீதி, அதற்கு 512 எண்கள் வரை தாங்கும். ஆகவே 488 முதல் 512 வரை எங்கே வெட்டினாலும் சரி. 300இல் வெட்டினால் 700 பக்கம் மாட்டிக்கொள்ளலாம். அப்புறம் பதினொன்று ஆகும்.

என் பையன் விளையாடும் ஆட்டத்தில் எண்ணையே சொல்ல வேண்டும். "பெரியது", "சின்னது", "சரி" என்று பதில் வரும். அவனுக்கு ஒன்பது போதும்தானே?

அது வேறு ஆட்டம். ஆனால் அங்கேயும் பத்துதான். ஒன்பது முறை சொல்லி 511 எண்கள் வரைதான் சமாளிக்கலாம், பத்து முறையில் 1023.

நடுவில் எண்ணை மாற்றிக்கொண்டால்?

முன் சொன்ன பதில்களோடு புது எண் ஒத்துப்போனால் கவலையில்லை, பத்தில் பிடிபடுவார்.

ஒரே ஒரு பொய் சொல்லலாம் என்று விட்டால்? ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டால் 20, பதில் முரண்பட்ட கேள்வியை மட்டும் இன்னொரு முறை. 21தானே?

உங்கள் வழி சரி, ஆனால் வீண்செலவு. 14 போதும். 13 ஏன் போதாது என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் பொய்யே இல்லாமல் ஒரு வரிசை, எந்தக் கேள்வியில் பொய் என்பதற்கு 13 வரிசைகள், ஆக 14. ஆயிரம் எண்களுக்கு 14,000 தேவை, இருப்பது 8,192. பதினான்கில் 15,000 தேவை, 16,384 இருக்கிறது.

இடம் இருப்பதாலேயே வழி இருக்கிறது என்று ஆகாது. இங்கே வழி உண்டு: எண்ணை இரும எண்ணாக்கி, பத்து இலக்கங்களுக்குப் பத்துக் கேள்வி. கூடவே "இந்த இந்த இடங்களில் உள்ள ஒன்றுகளின் கூட்டு இரட்டையா?" என்று நான்கு சரிபார்ப்புக் கேள்விகள். ஒவ்வொரு இலக்கமும் குறைந்தது இரண்டு சரிபார்ப்புகளில் வர வேண்டும். எந்த இரண்டு இலக்கங்களுக்கும் ஒரே சேர்க்கை கூடாது. எந்தச் சரிபார்ப்புகள் பொருந்தவில்லையோ அவை பொய்யான இலக்கத்தைக் காட்டும். ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால் பொய் அந்தச் சரிபார்ப்பிலேயே இருக்கிறது.

எத்தனை பொய் என்றே சொல்லாவிட்டால்?

எத்தனை கேள்வி கேட்டாலும் உறுதி கிடையாது. வரம்பை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.