இன்றே கேளுங்கள், தேதி சொல்லிக் கேளுங்கள்

"பழைய வண்ணாரப்பேட்டையில் 6 தையல் மெஷின்களுடன் சிறிய யூனிட் நடத்துகிறேன். ஒரு தனியார் பள்ளிக்கு 600 செட் சீருடை. மே 23, சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பள்ளி ஜூன் 8-இல் திறக்கிறது. அளவுப் பட்டியலை ஏப்ரல் 18-இல் தருவதாகச் சொன்னவர்கள் 28-இல்தான் தந்தார்கள். இன்று மே 17, ஞாயிறு. 210 செட்தான் முடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 30 செட் முடிகிறது. ஆர்டரும் பில்லும் பள்ளியின் பெயரில்தான். ஆனால் ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், 'பள்ளியிடம் நான் பேசிக்கொள்கிறேன்' என்கிறார். கெஞ்சினால் விலையைக் குறைப்பார்கள், கறாராகப் பேசினால் அடுத்த ஆண்டு ஆர்டர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. கூடுதல் நாள் எப்படிக் கேட்பது?"

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மீதி 390 செட். ஒரு நாளைக்கு 30 என்றால் 13 வேலை நாள் வேண்டும். சனிக்கிழமை வரை உங்களிடம் இருப்பது 6. ஆக, 7 வேலை நாள் குறைகிறது. இதோடு 2 நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டைகளை வெளியே காஜா கடைக்கு அனுப்புகிறவர் என்றால் இந்த மே மாதக் கூட்டத்தில் ஒரு நாள் அங்கேயே போகும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை வந்தால் இன்னொரு அரை நாள் போகும். ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் ஜூன் 3, புதன்கிழமை வருகிறது. நீங்கள் கேட்க வேண்டிய தேதி அதுதான். "இரண்டு மூன்று நாள் தாருங்கள்" என்று பயந்து கேட்டுவிட்டு, பிறகு மறுபடியும் மறுபடியும் கேட்பதுதான் வாடிக்கையாளரைக் கோபப்படுத்தும். முதல் முறை கேட்டால் அது திட்டம். இரண்டாம் முறை கேட்டால் உங்கள் சொல்லையே சந்தேகப்படுவார்கள்.

தொனி என்று நீங்கள் கவலைப்படுவது குரலில் இல்லை. எது மாறாது, எது மாறலாம் என்று நீங்கள் முன்கூட்டியே பிரித்து வைப்பதில் இருக்கிறது. கடைசித் தேதியும் விலையும் மாறாது. எந்த வகுப்புக்கு முதலில் வேண்டும், எத்தனை தவணையாக வேண்டும் என்பதைப் பள்ளி தீர்மானிக்கட்டும். முடிவெடுக்க ஒன்று கையில் கிடைத்துவிட்டால், பெரும்பாலானவர்கள் தேதியோடு சண்டை போடுவதில்லை.

முடிந்த 210-உம் இந்த 6 நாளில் தைக்கும் 180-உம் சேர்த்து, சனிக்கிழமைக்குள் மொத்தம் 390 செட் முடியும் என்றாலும் 300 என்றே வாக்குக் கொடுங்கள்; இஸ்திரி, பேக்கிங் எல்லாம் இருக்கிறது. நாளைக் காலை பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, பேசி முடித்ததும் இப்படி எழுதி அனுப்புங்கள்:

"வணக்கம் மேடம். 600 செட் சீருடையில் இன்றுவரை 210 தயார். அளவுப் பட்டியல் ஏப்ரல் 28-இல் கிடைத்ததால், முழு எண்ணிக்கையையும் மே 23-க்குள் தர இயலாது. மே 23-இல் 300 செட், மே 29-இல் 150 செட், ஜூன் 3-இல் மீதி 150 செட் தருகிறோம். பள்ளி திறப்பதற்கு 5 நாள் முன்பே அனைத்தும் வந்துவிடும். எந்த வகுப்புகளுக்கு முதலில் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொன்னால் அந்த வரிசையிலேயே தைக்கிறோம். மே 30-க்குள் முழுவதும் தேவை என்றால் வெளியிலிருந்து ஆள் அமர்த்தலாம்; அதற்கான கூடுதல் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய தேதியில் பில் தருகிறோம். இந்தத் தேதிகளுக்குச் சம்மதம் என்று ஒரு வரி பதில் அனுப்புங்கள்."

பள்ளியின் தாமதம் இதில் ஒரே ஒருமுறை, குற்றச்சாட்டு இல்லாமல், தேதியாக மட்டும் வருகிறது. அவர்கள் 10 நாள் தாமதித்தார்கள், நீங்கள் 11 நாள் கேட்கிறீர்கள். அந்த ஒரு நாள் உங்களுடையது, கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். "தயவுசெய்து", "மன்னிக்கவும்" என்று வரிக்கு வரி எழுத வேண்டாம். "கூடிய விரைவில்", "முயற்சி செய்கிறோம்" இரண்டையும் அடித்துவிடுங்கள். தேதி கேட்டவரிடம் முயற்சியைக் காட்டினால் அவர் மாலைக்குள் வேறு தையல்காரரைத் தேடத் தொடங்குவார்.

சம்மதம் கேட்கும் அந்தக் கடைசி வரி எதற்கு? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, காலத்தை நீட்டித்துத் தரும் உரிமை பொருளைப் பெறுகிறவருக்கு உண்டு. அதாவது நீங்கள் அறிவித்தால் போதாது, அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் பதிலாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். போனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர், பணம் கொடுக்கும் நாளில் அபராதம் பேசுவதை நான் எண்ணிலடங்காத முறை பார்த்திருக்கிறேன்.

இனி அந்த ஏஜென்ட். "நான் பேசிக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை சொன்ன ஒரு யூனிட்டில் நடந்தது இது. இடைத்தரகர் வாடிக்கையாளரிடம் 15 நாள் வாங்கினார். யூனிட்டுக்கு 5 நாள்தான் கிடைத்தது என்றார். ஆறாம் நாள் முதல் "அபராதம்" என்று பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூட அபராதம் போடவில்லை என்பது அடுத்த பருவத்தில்தான் தெரிந்தது. உங்கள் ஏஜென்ட் நல்லவராகவும் இருக்கலாம். அவருக்கும் அதே செய்தியின் நகல் போகட்டும், அவரை ஒதுக்க வேண்டாம். ஆனால் செய்தி உங்கள் போனிலிருந்து பள்ளிக்கு நேரே போக வேண்டும். ஆர்டர் பள்ளியின் பெயரில் இருக்கும்போது அவரிடம் அனுமதி கேட்கத் தேவையே இல்லை.

தவணைக்கு ஒரு பில் என்று எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நாளைத் தள்ளிக் கேட்டவரிடம், பணத்தையும் சேர்த்துத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் உத்யம் பதிவு வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கும்படி ஒப்பந்தம் போடக்கூட 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. புகாரை 90 நாளில் தீர்க்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான். கூலிக்குக் காத்திருக்கும் தையல்காரரிடம் கோப்பு நகர்கிறது என்று எத்தனை வாரம் சொல்வது? அதனால்தான் முதல் 300 செட்டின் பில்லை மே 23-ஆம் தேதியிட்டே கொடுத்து, வாங்கியவரிடம் கையெழுத்துப் பெறச் சொல்கிறேன்.

மேலே சொன்னது எதுவும் பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது. இதே பள்ளி, ஆண்டு விழா நடன உடை கேட்டிருந்தால்? விழா முடிந்த மறுநாள் வரும் உடைக்கு மதிப்பே இல்லை. அங்கே காலமே ஒப்பந்தத்தின் உயிர். தேதி தவறினால் ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி அவர்கள் ஆர்டரையே ரத்து செய்யலாம். அப்போது கூடுதல் நாள் கேட்பதே தவறு. 80 உடையில் 50-தான் முடியும் என்று தெரிந்த அன்றே அதைச் சொல்லி, மீதி 30-ஐ வாடகைக்கு எடுக்க அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். அந்த 30-க்கு வாங்கிய முன்பணத்தையும் திருப்ப வேண்டும். உங்கள் சீருடை அப்படிப்பட்டதல்ல. மே 23 என்பது பள்ளி தன் வசதிக்கு வைத்த தேதி; உண்மையான எல்லை ஜூன் 8. செய்தியில் "5 நாள் முன்பே" என்று எழுதியது அதனால்தான்.

செவ்வாய் மாலை வரை பதில் வரவில்லை என்றால் நேரில் போங்கள். தயாரான செட் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று சிறிய வகுப்பு, ஒன்று பெரிய வகுப்பு. அவற்றை மேசையில் வைத்துவிட்டு, எந்த வகுப்பு முதலில் என்று மட்டும் கேளுங்கள். அவர் வகுப்பைச் சொன்னதும், வெளியே வந்து "தாங்கள் சொன்னபடி 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை மே 23, மீதி மே 29, ஜூன் 3" என்று அவருக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.