விசாரணையில் வாய் திறக்காமல் இருந்தால் ஆபத்தா?

“லண்டனில் கடை வாசலில் நடந்த கைகலப்புக்காகத் தம்பியை போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘நோ கமெண்ட்’ என்றே சொல்லிவிட்டு வரலாமா?”

சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் 1994-இல் போட்ட குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்துக்கு அப்புறம் இங்கிலாந்தில் மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. தம்பி இன்று பேசாமல் இருந்துவிட்டு, கோர்ட்டில் “அவன்தான் பாட்டிலை ஓங்கினான், தற்காப்புக்குத் தள்ளினேன்” என்றால், “இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்று ஜூரி யோசிக்கலாம், பிறகு ஜோடித்த கதை என்றும் முடிவு கட்டலாம். மௌனத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. வக்கீலைப் பார்க்கவே விடாமல் விசாரித்திருந்தால் அந்த மௌனத்தை எதிராக எடுக்கவும் கூடாது. ஆனால் “வக்கீல் பேசாதே என்றார்” என்பது மட்டும் காப்பாற்றாது. அதை நம்பிப் பேசாமல் இருந்தது நியாயமா என்றும் பார்ப்பார்கள்.

கடைசி நேரத்தில் புதுக்கதையை இறக்கி அரசுத் தரப்பைத் திணறடிப்பதைத் தடுக்கத்தான் இந்த மாற்றம் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. பயந்தவனும் மொழி தடுமாறுபவனும்தான் முதலில் ஊமையாவான். கைதேர்ந்தவன் கதையோடு வருவான்.

ஸ்டேஷனில் வக்கீல் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். போலீஸ் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று வக்கீல் முதலில் கேட்டுப் பார்க்கட்டும். அப்புறம் பாட்டில் விஷயத்தை எழுத்தில் வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டு, மற்ற கேள்விகளுக்கு ‘நோ கமெண்ட்’ என்பது ஒரு வழி. அதில் விட்டுப்போனதைப் பின்னால் சேர்த்தால் பழைய சிக்கல்தான்.