10000 பவர் பேங்க், 5000 போன்: அந்த இரண்டாவது சார்ஜ் எங்கே போகிறது?

கேள்வி: என் பவர் பேங்க் 10000 எம்ஏஎச், போன் பேட்டரி 5000 எம்ஏஎச். இரண்டு முறை ஃபுல் சார்ஜ் ஆகணும்தானே? ஒன்றரை முறைகூட வரவில்லை. மின்னூட்டம் அழியாது என்று பிளஸ் டூவில் படித்தோமே, மீதி எங்கே போகிறது? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் ஏமாற்றவில்லை. பாடத்தில் படித்ததும் சரிதான், மின்னூட்டம் எங்கும் அழியவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு உங்கள் போன் பக்கம் வருவதே இல்லை, பவர் பேங்க்குக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு செல்லுக்கே திரும்பிவிடுகிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறேன், வருடத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வந்து நிற்பார்கள். ஆனால் மின்னூட்டத்தைப் பிடித்துக் கேட்டவர் நீங்கள்தான்.

முதலில், அட்டையில் போட்டிருக்கும் 10000 என்பது உள்ளே இருக்கிற லித்தியம் செல்லின் கணக்கு. அந்த செல்லின் அழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட். போனுக்குப் போகும் யுஎஸ்பி கேபிளில் வேண்டியது 5 வோல்ட். ஆக நடுவில் அழுத்தத்தை உயர்த்துகிற பூஸ்ட் கன்வர்ட்டர் என்ற சர்க்யூட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்னக் கம்பிச்சுருள், ஒரு சுவிட்ச், இவை இரண்டும்தான் அதில் முக்கியம். சுவிட்ச் என்றால் கையால் போடுவது இல்லை, நொடிக்குப் பல லட்சம் தடவை மூடித் திறக்கும் டிரான்சிஸ்டர்.

சுவிட்ச் மூடும்போது செல்லின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் சுருள் வழியாகப் போய், நேரே மைனஸ்ஸுக்கு வந்துவிடும். போன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் சும்மா வருவதில்லை, சுருளைச் சுற்றிக் காந்தப்புலமாக ஆற்றலை ஏற்றிவிட்டு வருகிறது. அடுத்த கணம் சுவிட்ச் திறக்கும்போது சுருள் அந்த ஆற்றலை விட்டுக்கொடுக்கும், செல்லின் 3.7 வோல்ட்டோடு சுருளின் பங்கும் சேர்ந்து 5 வோல்ட்டாகப் போனுக்குப் போகும். இரண்டு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் என்பதை அழுத்தங்களே முடிவு செய்கின்றன. சுவிட்ச் மூடியிருக்கும் பங்கை D என்று வைத்தால்:

```
D = 1 − 3.7/5 = 0.26
```

அதாவது செல்லிலிருந்து நூறு பங்கு மின்னூட்டம் கிளம்பினால் 26 பங்கு உள்ளேயே சுற்றி வீடு திரும்பிவிடுகிறது, 74 பங்குதான் கேபிளைப் பார்க்கிறது. 10000-க்கு 7400. ஒரு எலக்ட்ரான்கூடக் காணாமல் போகவில்லை. சொல்லப்போனால் அந்த 74 பங்கும் போனைச் சுற்றிவிட்டு கேபிளின் இன்னொரு கம்பி வழியே செல்லுக்குத்தான் திரும்புகிறது. பேட்டரியைத் தண்ணீர்க் குடம் மாதிரி நினைப்பதில்தான் சிக்கலே. குடத்திலிருந்து ஊற்றினால் தண்ணீர் போய்விடும். செல்லிலிருந்து போவது ஆற்றல், மின்னூட்டம் அதைச் சுமந்துபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற ஆள்.

இணையத்தில் நிறைய பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். "3.7-லிருந்து 5-க்கு மாற்றுவதால் 7400 ஆகிவிடுகிறது, அதுதான் காரணம்" என்பார்கள். இது பாதிதான் சரி, எனக்கு இதில் எப்போதும் ஒரு கோபம் உண்டு. ஏனென்றால் போனுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கிறது, அதற்கும் 5 வோல்ட் ஆகாது. இப்போது வரும் போன்களில் செல் சராசரியாக 3.87 வோல்ட் அளவில் இருக்கும். ஆக போனுக்குள் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. அங்கேயும் ஒரு சுருள், ஒரு சுவிட்ச். இந்த முறை அழுத்தம் குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. கேபிளில் 1 ஆம்பியர் வந்தால் பேட்டரிக்குள் ஏறக்குறைய 1.29 ஆம்பியர் போகும். பூஸ்ட் கன்வர்ட்டரில் 'போன' எம்ஏஎச் இங்கே திரும்ப வந்துவிடுகிறது! ஐந்து ரூபாய் நாணயமாக மாற்றிய சில்லறையை மறுபடியும் சின்ன நாணயமாக மாற்றினால் எண்ணிக்கை கூடுமே, அதே கதை.

அதனால் எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட் அவர் கணக்குக்கு வாருங்கள். ஆற்றல் மட்டும்தான் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிற சரக்கு. உங்கள் பவர் பேங்க்கில் 10 ஆம்பியர் அவரை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் அவர். போனில் 5-ஐ 3.87-ஆல் பெருக்கினால் 19.35. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 1.91. எந்த இழப்புமே இல்லை என்றால் உங்களுக்கு வரவேண்டியது இது, ஏறக்குறைய இரண்டு முறைதான். (விமானத்தில் பவர் பேங்க் கொண்டுபோக அனுமதிக்கும் வரம்பையும் வாட் அவரில்தான் வைத்திருக்கிறார்கள். 100 வாட் அவர் வரை என்றால் சுமார் 27000 எம்ஏஎச்.)

அந்த 1.91 எப்படி ஒன்றரைக்கும் கீழே இறங்குகிறது? இரண்டு தடவை மாற்றுகிறோம் இல்லையா, இரண்டு தடவையும் கமிஷன் உண்டு. சுருளின் கம்பிக்குத் தடை இருக்கிறது, டிரான்சிஸ்டர் ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் கொஞ்சம் சாப்பிடும், கேபிள் தன் பங்குக்குச் சாப்பிடும். எல்லாமே வெப்பமாகப் போகிறது. சார்ஜ் போடும்போது பவர் பேங்க், போன் இரண்டையும் தொட்டுப் பாருங்கள், உங்கள் மீதி அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

எவ்வளவு என்று அளந்தே பார்த்தோம். யுஎஸ்பி மீட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பவர் பேங்க்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட் அவர் எல்லாம் காட்டும். போன மாதம் ஒரு மாணவருடைய 10000 எம்ஏஎச் பவர் பேங்க்கை முழுதாக ஏற்றி, போனுக்குப் பதில் ஒரு டம்மி லோடு மாட்டி, 2 ஆம்பியர் வீதம் அது தானாக அணையும் வரை விட்டோம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. மீட்டரில் 6240 எம்ஏஎச், 31.4 வாட் அவர். 37-க்கு 31.4 என்றால் 85 சதவீதம். அந்த 15 சதவீதம் பூஸ்ட் கன்வர்ட்டரின் கமிஷன், இது மோசமில்லை.

அடுத்து அதே மாணவரின் 5000 எம்ஏஎச் போனைத் தானாக அணையும் வரை காலி செய்து, அணைத்த நிலையிலேயே நூறு வரை ஏற்றினோம். மீட்டர் காட்டியது 22.3 வாட் அவர். பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்தது 19.35 என்று வைத்துக்கொண்டால், கேபிளும் போனும் சேர்ந்து இன்னொரு 13 சதவீதம் எடுத்திருக்கின்றன. இப்போது 31.4-ஐ 22.3-ஆல் வகுத்தால் 1.41. அவருக்கு முகம் தொங்கிப்போனது, ஆனால் யாரும் அவரை ஏமாற்றவில்லை. இதுவும் போன் அணைந்திருக்கும்போது. திரையை எரியவிட்டு, ஹாட்ஸ்பாட்டும் போட்டுக்கொண்டு சார்ஜ் ஏற்றினால், வருகிற ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்கே போகாமல் அங்கேயே செலவாகிவிடும், 1.2 வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேபிளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்களால் மாற்ற முடிந்தது இது ஒன்றுதான். நீளமான, மெல்லிய கேபிளில் போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்து கால் ஓம் தடை இருந்தாலே, 2 ஆம்பியரில் அரை வோல்ட் கேபிளிலேயே விழுந்துவிடும். 10 வாட்டில் 1 வாட் அங்கே போச்சு. பத்தில் ஒன்று! குட்டையான, தடித்த கேபிளாக வாங்கினால் இதில் பெரும்பகுதி மிஞ்சும். ஃபாஸ்ட் சார்ஜில் 9 வோல்ட்டில் அனுப்புவதால் அதே 2 ஆம்பியருக்கு கேபிள் இழப்பின் விகிதம் குறையும், ஆனால் 3.7-லிருந்து 9-க்கு ஏற்ற பூஸ்ட் கன்வர்ட்டர் அதிகம் உழைக்க வேண்டும், அங்கே சூடு கூடும். ஒரு பக்கம் வருவது இன்னொரு பக்கம் போகும், ஃபாஸ்ட் சார்ஜால் மிச்சம் என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வயர்லெஸ் பவர் பேங்க் என்றால் இழப்பு இதைவிட அதிகம்.

சரி, அப்படியானால் ஏமாற்று வேலையே கிடையாதா? உண்டு, நன்றாகவே உண்டு. உங்கள் பவர் பேங்க்கின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். ஒழுங்கான 10000-த்தில் பெரும்பாலும் 5500-லிருந்து 6500-க்குள் ஏதாவது போட்டு, பக்கத்தில் 5 வோல்ட் என்றும் குறித்திருப்பார்கள். அது வெளியே வருகிற கணக்கு, நேர்மையான எண். முன்பக்கத்துப் பெரிய எண் செல்லின் கணக்கு. இரண்டுமே பொய் இல்லை, எதை எந்த அளவில் அச்சடிப்பது என்பதில்தான் வியாபாரம். அந்தப் பொடி எழுத்தே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் எடை. பென்சில் செல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக, 18650 என்று ஒரு உருளைச் செல் உண்டு. 2500 எம்ஏஎச் அளவுள்ள ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். பத்தாயிரத்துக்கு நாலு செல் வேண்டும், அதுவே 180 கிராம், மேலே டப்பாவும் போர்டும். தட்டையான பாலிமர் செல் என்றாலும் எடை ஏறக்குறைய இதே ரகம்தான். ஒரு பையன் பிளாட்பாரத்தில் வாங்கிய 20000 எம்ஏஎச் ஒன்றைக் கொண்டுவந்தான், தராசில் வைத்தால் மொத்தமே 140 கிராம். டம்மி லோடில் போட்டால் 9.8 வாட் அவரில் அணைந்துவிட்டது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உள்ளே சுமார் 3100 எம்ஏஎச். லேபில் பிரித்துப் பார்த்தபோது இரண்டே இரண்டு செல், பாக்கி இடம் காலி. (நீங்கள் வீட்டில் பிரிக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவர் நழுவி லித்தியம் செல்லில் குத்தினால் தீப்பிடிக்கும்.)

உங்கள் விஷயத்துக்கு வந்தால், 1.3-லிருந்து 1.5-க்குள் வருகிறதென்றால் பவர் பேங்க் நல்லது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைகூட முழுதாக ஏறவில்லை என்றால், முதலில் கேபிளை மாற்றி, போனை அணைத்து வைத்து இன்னொரு தடவை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்காரரிடம் போங்கள்.