ஆடிட்டர் ‘தவிர’ என்று எழுதியிருந்தால் பங்கை விற்க வேண்டுமா?

கேள்வி: சார், நான் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை முதல்முறையாகப் பொறுமையாகப் படித்தேன். ஆடிட்டர் அறிக்கையில், ‘கீழே சொன்ன விஷயத்தைத் தவிர, கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன’ என்று இருக்கிறது. நியாயமான நிலை என்று அவரே எழுதிவிட்டார், அப்புறம் என்ன பயம் என்கிறான் நண்பன். கையெழுத்துப் போட்டது யார் என்று எங்கே பார்ப்பது? இதை எப்படி எடுத்துக்கொள்வது? விற்றுவிடவா?

பதில்: உங்கள் நண்பர் அந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் படித்திருக்கிறார். ஆடிட்டர் சொல்ல வந்த செய்தி முன்பாதியில் இருக்கிறது.

முதலில் கையெழுத்து. ஆண்டறிக்கையின் முன்பகுதியில் வரும் தலைவர் உரை, படங்கள், இயக்குநர் அறிக்கை எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். இருப்புநிலைக் குறிப்புக்குச் சற்று முன்னால் ‘இண்டிபெண்டன்ட் ஆடிட்டர்ஸ் ரிப்போர்ட்’ என்ற தலைப்பு வரும். கம்பெனிக்குத் துணை நிறுவனங்கள் இருந்தால் தனிக் கணக்குக்கு ஒன்று, குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்குக்கு ஒன்று என்று இரண்டு அறிக்கைகள் இருக்கலாம். அப்படி இருந்தால் இரண்டையும் படியுங்கள், ஒன்றில் சுத்தமாக இருப்பது இன்னொன்றில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அறிக்கையின் கடைசியில் தணிக்கை நிறுவனத்தின் பெயர், அந்த நிறுவனத்தின் சார்பில் கையெழுத்துப் போட்ட பார்ட்னரின் பெயர், ஊர், தேதி இருக்கும். இன்டர்னல் ஆடிட்டர், செக்ரட்டேரியல் ஆடிட்டர் என்று வேறு பெயர்களும் அதே புத்தகத்தில் வரலாம், அவர்கள் இந்தக் கணக்குக்குச் சான்று சொல்பவர்கள் இல்லை.

கையெழுத்து எப்படி இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அறிக்கையில் நிறுவனத்தின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். பொறுப்பான பார்ட்னர் யார் என்று தெரிய வேண்டுமானால் pcaobus.org தளத்தில் AuditorSearch என்ற இடத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும், 2017 முதல் அந்த விவரத்தை Form AP என்ற படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் பொறுப்பான ஆடிட்டரே நிறுவனத்தின் சார்பில் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவார். இந்தியாவில் பார்ட்னரின் பெயரோடு உறுப்பினர் எண்ணும், யுடிஐஎன் என்ற 18 எழுத்து நீள அடையாள எண்ணும் இருக்கும். அந்த எண்ணை udin.icai.org தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். சின்ன கம்பெனி ஒன்று தன் கணக்கை உங்களிடம் காட்டிக் கடனோ முதலீடோ கேட்டால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். போலிக் கையெழுத்தோடு கணக்கு சுற்றிவருவது நடக்காத காரியம் இல்லை.

சரி, இப்போது அந்த ‘தவிர’.

ஆடிட்டர் நான்கு விதமாகத்தான் கருத்துச் சொல்ல முடியும். குறை எதுவும் இல்லை என்றால் நிபந்தனை இல்லாமல் ‘உண்மையான, நியாயமான நிலை’ என்பார், இதைத்தான் பேச்சில் கிளீன் ரிப்போர்ட் என்கிறோம். குறிப்பிட்ட ஓர் இடத்தில் பெரிய சிக்கல், மற்றதெல்லாம் சரி என்றால் ‘இதைத் தவிர’ என்பார், அது குவாலிஃபைடு ஒப்பீனியன். தவறு கணக்கு முழுவதும் பரவியிருந்தால் ‘நியாயமான நிலையைக் காட்டவில்லை’ என்று நேராகவே எழுதுவார், அது அட்வர்ஸ். ஆதாரமே கிடைக்காமல் கணக்கின் பெரும்பகுதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத நிலை என்றால் ‘நாங்கள் கருத்துச் சொல்லவில்லை’ என்பார், அது டிஸ்கிளெய்மர். கடைசி இரண்டைப் பார்த்தால் லாபம், கடன், சொத்து என்று அந்தக் கணக்கிலுள்ள எந்த எண்ணையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் கம்பெனி இரண்டாவது வகை. அதற்குள்ளேயே இரண்டு ரகம் இருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஆங்கில அறிக்கையில் ‘எக்செப்ட் ஃபார் தி எஃபெக்ட்ஸ் ஆஃப்’ என்று இருக்கிறதா, ‘எக்செப்ட் ஃபார் தி பாசிபிள் எஃபெக்ட்ஸ் ஆஃப்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதில் ஆடிட்டர் தவறைக் கண்டுபிடித்துவிட்டார், கம்பெனி திருத்த மறுத்துவிட்டது. இரண்டாவதில் தவறு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வரிக்கு முந்தைய லாபம் 45 கோடி, சொத்தில் கடன் போக மிஞ்சும் நிகர மதிப்பு 300 கோடி, மொத்தம் 10 கோடிப் பங்குகள். அதாவது பங்கு ஒன்றுக்குப் புத்தக மதிப்பு 30. இந்தக் கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர் 60 கோடி தர வேண்டும், மூன்று வருடமாக வரவில்லை, ஆனாலும் முழுத் தொகையும் வரும் என்றுதான் கணக்கில் காட்டியிருக்கிறார்கள்.

ஆடிட்டர் முதல் ரகமாக எழுதினால், ‘கருத்துக்கான அடிப்படை’ என்ற பத்தியில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: இந்தப் பாக்கி வராமல் போகலாம் என்று நஷ்டமாக ஒதுக்கீடு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, செய்திருந்தால் லாபமும் நிகர மதிப்பும் 60 கோடி குறைந்திருக்கும். தொகையைக் கணக்கிட முடிகிறபோது அதை எழுதியே ஆக வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை. நீங்கள் செய்ய வேண்டியது கழித்தல் மட்டும்தான். 45-லிருந்து 60 போனால் 15 கோடி நஷ்டம். நிகர மதிப்பு 240 கோடி, பங்குக்கு 24. வரியின் விளைவை இங்கே சேர்க்கவில்லை, தோராயத்துக்கு இது போதும். ‘இதைத் தவிர எல்லாம் சரி’ என்று படிக்கும்போது மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ‘இது’ உள்ளே வந்தால் லாபக் கம்பெனி நஷ்டக் கம்பெனி ஆகிவிடுகிறது! பங்கு விலையை இந்த வருட லாபத்தோடு ஒப்பிட்டு மலிவு என்று நினைத்திருந்தால் அந்த ஒப்பீட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

இரண்டாம் ரகம் என்றால் பத்தி வேறு மாதிரி இருக்கும்: பாக்கித் தொகைக்கு அந்த வாடிக்கையாளரிடமிருந்து உறுதிக் கடிதம் வரவில்லை, வேறு ஆதாரமும் போதிய அளவில் கிடைக்கவில்லை, எனவே எவ்வளவு திருத்தம் தேவை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இங்கே கழிக்க எண் கிடையாது. நான் என்ன செய்வேன் என்றால், மோசமான நிலையை வைத்து முழு 60 கோடியையும் கழித்துப் பார்ப்பேன், அப்படியும் அந்தப் பங்கு எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். இரண்டு ரகத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். முதலாவதில் ஆடிட்டருக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு, ஆனால் காகிதமெல்லாம் மேசையில் இருக்கிறது. இதிலோ காகிதமே இல்லை. இல்லாததற்குக் காரணம் தீவிபத்தா, வெளிநாட்டுக் கிளையில் நடக்கும் சண்டையா, நிர்வாகமே காட்ட மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே பாக்கி 60 கோடிக்குப் பதில் 250 கோடி என்றால் 300 கோடி நிகர மதிப்பில் ஏறக்குறைய எல்லாமே அதில்தான் நிற்கிறது. அப்போது ‘தவிர’ என்று எழுத முடியாது, அட்வர்ஸ் அல்லது டிஸ்கிளெய்மருக்குப் போக வேண்டும். இத்தனை சதவீதத்துக்கு மேல் என்று கோடு எதுவும் கிடையாது, அது ஆடிட்டரின் தீர்மானம். அதனால் டிஸ்கிளெய்மர் வந்திருக்க வேண்டிய இடத்தில் ‘தவிர’ என்று சற்றுத் தாராளமாக எழுதப்பட்டிருப்பதையும் பார்க்கலாம். அதைத் தெரிந்துகொள்ள நீங்களே அந்தத் தொகையை நிகர மதிப்போடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம், ‘எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்’ என்ற பத்தி. கணக்கில் ஏற்கெனவே சொல்லியிருக்கும் ஒரு முக்கியமான குறிப்பை ஆடிட்டர் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவுதான். ‘இதனால் எங்கள் கருத்து மாறவில்லை’ என்று அதிலேயே இருக்கும். குவாலிஃபிகேஷன் போட வேண்டிய இடத்தில் இதைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது என்பது விதி. ஆனால் ‘கோயிங் கன்சர்ன்’ என்ற தலைப்பில் தனிப் பத்தி வந்து, கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய ஐயப்பாடு இருக்கிறது என்று சொன்னால், அதுவும் கருத்தை மாற்றாத பத்திதான் என்றாலும், என் கணக்கில் சாதாரண குவாலிஃபிகேஷனைவிட அது கனமானது. ‘கீ ஆடிட் மேட்டர்ஸ்’ என்ற நீளமான பகுதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆடிட்டர் எங்கே அதிகம் உழைத்தார் என்று சொல்வது அது, குற்றப்பட்டியல் இல்லை.

அப்புறம், போன வருட அறிக்கையையும் அதற்கு முந்தையதையும் எடுங்கள். அதே பாக்கி அதே பத்தியில் திரும்பத் திரும்ப வந்தால் நிர்வாகம் அதைத் தீர்க்கப் போவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் மாறியிருக்கிறாரா என்றும் பாருங்கள். குவாலிஃபைடு ஒப்பீனியன் கொடுத்தவர் பதவிக்காலம் முடியும் முன்னே விலகி, புதிதாக வந்தவர் அதே விஷயத்தில் சுத்தமான அறிக்கை கொடுத்தால், நடுவில் என்ன மாறியது, பணம் வந்ததா, ஒதுக்கீடு செய்தார்களா என்று குறிப்புகளில் தேட வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் மாறியது ஆடிட்டர் மட்டும்தான். அமெரிக்காவில் ஆடிட்டர் மாற்றத்தை 8-K படிவத்தின் Item 4.01 பகுதியில் நான்கு வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும், வெளியேறியவரின் கடிதமும் அதோடு சேரும். இந்தியாவில் பட்டியலிட்ட கம்பெனி, ஆடிட்டர் சொன்ன குறையால் லாபமும் நிகர மதிப்பும் எவ்வளவு மாறும் என்று தனி அறிக்கையாகப் பங்குச் சந்தைக்குத் தர வேண்டும். அதில் நிர்வாகத்தின் பதிலும் இருக்கும். ‘வழக்கு நடக்கிறது, வென்றுவிடுவோம் என்று நம்புகிறோம்’ என்ற பதில் எனக்குப் போதாது.

இதை மறுபக்கமாகத் திருப்பி, கிளீன் ரிப்போர்ட் இருந்தால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் வயர்கார்டு என்ற பணப்பரிவர்த்தனைக் கம்பெனி 2018 ஆண்டுக் கணக்குக்குக் குறையில்லாத அறிக்கை வாங்கியது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ ரொக்கம் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட மறுத்தார், சில நாட்களில் கம்பெனி திவால் மனுப் போட்டது.

விற்கவா என்று கேட்டீர்கள். உங்கள் அறிக்கையில் இருப்பது முதல் ரகம், கழித்த பிறகும் கம்பெனி லாபத்தில் நிற்கிறது, இந்த வருடம்தான் முதன்முறை என்றால், அவசரம் இல்லை, திருத்திய எண்ணை வைத்து விலையை மறுபடி எடைபோடுங்கள். இரண்டாம் ரகம், இரண்டாவது வருடமாகவும் வருகிறது, பாக்கி வைத்திருப்பது முதலாளியின் உறவு நிறுவனம் என்றால் நான் வைத்திருக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமல் பொதுக்கூட்டத்துக்குப் போய் அந்தப் பாக்கியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆண்டு முடிந்த பிறகு இன்று வரை அதில் எவ்வளவு வசூலானது?