எஸ்எஸ்டி-யில் அழித்த படங்கள்: பெயர் இருக்கிறது, படம் இருக்கிறதா?

கேள்வி: லேப்டாப்பில் உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டி-யில் 60 ஜிபி படங்கள் இருந்த ஃபோல்டரை ஷிஃப்ட்-டெலீட் கொடுத்து அழித்துவிட்டேன். விண்டோஸ் 11. மீட்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் எல்லாப் படங்களின் பெயரும் வருகிறது, பக்கத்தில் ‘மிக நல்ல நிலை’ என்றும் காட்டுகிறது. ஆனால் சேமிக்கப் பணம் கட்டச் சொல்கிறது. கட்டலாமா? எஸ்எஸ்டி பழைய நகல்களை வேறு இடத்தில் வைத்திருக்கும், ஆய்வகத்தில் சிப்பைக் கழற்றி எடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறாரே, அது உண்மையா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த ‘மிக நல்ல நிலை’ உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னதல்ல.

விண்டோஸ் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு, தேதி, அது வட்டில் எந்த எண்ணுள்ள இடங்களில் கிடக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. கோப்பை அழித்தால் அந்தப் பதிவின்மேல் ‘காலி’ என்று ஒரு குறி விழும், அவ்வளவுதான். பதிவு அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் படிப்பது இதைத்தான். அந்த இடங்களில் வேறு கோப்பு எதுவும் வந்து உட்காரவில்லை என்றால் ‘மிக நல்ல நிலை’ என்று போட்டுவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இந்தக் கணக்கு சரி. மேலே புதிதாக எழுதாதவரை பழையது அங்கேயே கிடக்கும்.

எஸ்எஸ்டி-யில் நடுவே டிரிம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. நீங்கள் கோப்பை அழித்ததும், “இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை உள்ளது இனி எனக்குத் தேவையில்லை” என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. எந்த எண்ணுக்கு உரியது சிப்பில் எங்கே இருக்கிறது என்று டிரைவின் கன்ட்ரோலர் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது, அதிலிருந்து அந்த எண்களுக்கான இணைப்பை எடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பெரும்பாலான டிரைவ்கள் சிப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் பூஜ்யங்களைத் திருப்பித் தரும். அழித்த சில நொடிகளிலேயே இது நடந்து முடிந்துவிடும். 60 ஜிபி-யை நிஜமாகத் துடைக்க வேண்டியதில்லை, அட்டவணையில் சில வரிகளை மாற்றினால் போதும்.

அதனால் பெயர் இருக்கும், அளவு சரியாக இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. இதைச் செலவில்லாமலே சோதிக்கலாம். இலவசப் பதிப்பில் முன்னோட்டம் இருந்தால் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். அடுத்தடுத்த பத்தாக இல்லாமல் வெவ்வேறு தேதியில் எடுத்தவையாக இருக்கட்டும். ஹெக்ஸ் பார்வை இருந்தால் இன்னும் தெளிவு. நல்ல ஜேபெக் கோப்பு `FF D8 FF` என்று தொடங்கும். முதல் வரியிலிருந்தே `00 00 00 00` என்று ஓடினால் அந்தக் கோப்பு போய்விட்டது, பணம் கட்டினால் சரியான பெயரில், சரியான அளவில் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். முன்னோட்டமே காட்டாத மென்பொருளை நான் வாங்க மாட்டேன்.

ஸ்கேனின் வேகமும் ஒரு தடயம். டிரிம் ஆன பகுதியைப் படிக்கும்போது கன்ட்ரோலர் சிப்பிடம் போவதே இல்லை, அதனால் தடுமாற்றமே இல்லாமல் ஒரே சீராக, இணைப்பு தாங்கும் உச்ச வேகத்தில் ஓடும். கோப்புகள் இருக்கும் பகுதி வந்தால் வேகம் ஏறி இறங்கும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பூஜ்யங்களையும் பார்த்து, ஸ்கேனும் இப்படி வழுக்கிக்கொண்டு போனால் சந்தேகம் வேண்டாம்.

டிரிம் உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று அறிய, கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

`NTFS DisableDeleteNotify = 0` என்று வந்தால் டிரிம் இயங்குகிறது. ‘முடக்கு’ என்பதற்கு எதிரே பூஜ்யம், அதாவது முடக்கவில்லை. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, விண்டோஸ் கட்டளையை அனுப்புகிறது என்பதைத்தான் இது சொல்கிறது, டிரைவ் வரை போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது. உங்களுடையது லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்எஸ்டி என்பதால் சேர்ந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருவோம். அதில் பாதி உண்மை. ஃபிளாஷ் சிப்பில் எழுதியதன்மேலேயே திரும்ப எழுத முடியாது. எழுதுவது சிறிய பக்கம் பக்கமாக, அழிப்பதோ பல நூறு பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்காக. ஒவ்வொரு பிளாக்கும் குறிப்பிட்ட தடவைதான் அழித்தெழுதத் தாங்கும். ஒரே பிளாக் தேய்ந்து போகாமல் கன்ட்ரோலர் வேலையைப் பரப்பிப் போடுகிறது, இதற்குப் பெயர்தான் வேர் லெவலிங். ஆகவே நீங்கள் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் புதியது வேறு பக்கத்துக்குப் போகும், பழைய நகல் சிப்பில் சிறிது காலம் கிடக்கும். நண்பர் கேள்விப்பட்டது இதைத்தான்.

ஆனால் அந்த நகலுக்கு வெளியிலிருந்து போக எண் கிடையாது. கன்ட்ரோலரின் அட்டவணையில் அது இல்லை, மீட்பு மென்பொருள் கேட்பதோ அந்த அட்டவணை வழியாக மட்டும்தான். போதாததற்கு, டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் இப்படிப் பயனற்ற பக்கங்கள் உள்ள பிளாக்குகளைக் கன்ட்ரோலர் தானாகவே அழித்துச் சுத்தம் செய்கிறது. இதற்கு விண்டோஸ் ஓட வேண்டும் என்றில்லை, மின்சாரம் இருந்தால் போதும். மீட்கலாம் என்று இரவு முழுக்க ஸ்கேன் ஓடவிடுகிறோமே, அந்த நேரத்திலும் உள்ளே சுத்தம் நடந்துகொண்டிருக்கலாம்.

சிப்பைக் கழற்றுவது பென் டிரைவ்களில் பலன் தந்த வழி. இன்றைய எஸ்எஸ்டி-யில் ஒரே கோப்பு பல சிப்புகளில் துண்டுதுண்டாகப் பரவியிருக்கும், எழுதும்போதே கலைத்துப் போடப்பட்டிருக்கும். பல டிரைவ்களில் மறையாக்கமும் உண்டு, அதன் சாவி கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. சிப்பைத் தனியே எடுத்தால் கையில் மிஞ்சுவது இரைச்சல். ஆய்வகங்கள் நிஜமாகச் செய்யக்கூடியது வேறு: சில கன்ட்ரோலர்களை அவற்றின் தொழிற்சாலைப் பயன்முறைக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்வதை நிறுத்தி, பழைய அட்டவணையைத் தேடிப் பார்ப்பார்கள். இது எல்லா மாடலிலும் முடியாது. முடிகிற மாடலிலும், அழித்த உடனே மின்சாரத்தைத் துண்டித்திருந்தால்தான் ஓரளவு வாய்ப்பு. அழித்த பிறகு நீங்கள் ஸ்கேன் வேறு செய்துவிட்டீர்கள். இருந்தும் போவதென்றால் லேப்டாப்பை இப்போதே அணைத்துவிட்டு, டிரைவின் மாடலைச் சொல்லி, “இந்த கன்ட்ரோலரில் டிரிம் ஆன தரவை எடுக்க உங்கள் கருவியில் வழி இருக்கிறதா?” என்று முதலில் கேளுங்கள். “சிப்பைக் கழற்றிப் பார்ப்போம்” என்பது பதிலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். தரவு வந்தால் மட்டும் கட்டணம் என்பதும், திறந்து காட்டிய படங்களைப் பார்த்த பிறகே பணம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் கேமராவின் மெமரி கார்டைத் தேடுங்கள். ஃபார்மேட் செய்த கார்டாக இருந்தாலும், பிறகு அதிகம் படம் எடுக்காமல் இருந்தால் கிடைக்கும் வாய்ப்பு எஸ்எஸ்டி-யைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் அங்கே வீண் போகாமல் இருக்கலாம். அங்கும் முன்னோட்டம் பார்த்த பிறகுதான், சரியா?

கேள்வி: புது எஸ்எஸ்டி வாங்கப் போகிறேன். தவறி அழித்தால் மீட்க முடியட்டும் என்று டிரிமை அணைத்து வைத்தால் என்ன? வேகம் குறையும் என்கிறார்கள், எவ்வளவு?

பதில்: அணைத்தால் மீட்கும் வாய்ப்பு கூடும், உண்மைதான். அழித்த கோப்பு, ஹார்டு டிஸ்க்கில் போலவே, அந்த எண்ணில் வேறொன்று எழுதும்வரை இருக்கும். வேர் லெவலிங் அதை உள்ளே எங்கு நகர்த்தினாலும் அட்டவணை கூடவே மாறும், அதனால் அது ஒரு தடையில்லை. விலை வேறிடத்தில்.

எளிதாக 100 பக்கம் உள்ள ஒரு பிளாக் என்று வைத்துக்கொள்வோம். 30 பக்கத்தில் உயிருள்ள கோப்புகள். 50 பக்கம் நீங்கள் அழித்தவை. 20 பக்கம் திருத்தி எழுதியதால் பழையதாகிப் போனவை, இது கன்ட்ரோலருக்கே தெரியும். டிரிம் இருந்தால் அது 30 பக்கத்தை நகர்த்திவிட்டு பிளாக்கை அழிக்கும், 70 பக்கம் புதிதாகக் கிடைக்கும். டிரிம் இல்லையென்றால் அந்த 50 குப்பை என்று அதற்குத் தெரியாது. 80 பக்கத்தை நகர்த்தி 20-ஐ மட்டுமே மீட்கும். அதாவது நீங்கள் 20 பக்கம் எழுத, சிப்பில் 100 பக்கம் எழுதப்படுகிறது, ஐந்து மடங்கு. டிரிம் இருந்தபோது 70-க்கு 100, ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான்.

இந்தக் கூடுதல் எழுத்துதான் வேகத்தையும் ஆயுளையும் சேர்த்துத் தின்கிறது. எத்தனை சதவீதம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. டிரைவில் பாதி காலியாக இருந்தும் கன்ட்ரோலர் பார்வையில் அது நிறைந்த டிரைவ்தான், ஏனென்றால் ஒரு தடவை எழுதிய எந்த எண்ணும் அதற்குக் காலியாகத் தெரியாது. முதல் சில மாதங்களில் உணர மாட்டீர்கள். எல்லா எண்களிலும் ஒரு சுற்று எழுதி முடிந்த பிறகு, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது நன்றாகத் தொடங்கி நடுவில் திடீரென்று வேகம் விழும். படிக்கும் வேகம் அவ்வளவாக மாறாது. டிரிம் இருந்தாலும் டிரைவை விளிம்புவரை நிரப்பினால் இதே தொல்லை வரும், 10 முதல் 20 சதவீதம் காலியாக விடச் சொல்வது இதனால்தான்.

என் கணக்கில் இது ஒத்துவராத பேரம். தினம் இயங்கும் டிரைவில் எப்போதோ ஒரு முறை நேரும் தவறுக்காகத் தினமும் வேகத்தையும் ஆயுளையும் கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் கன்ட்ரோலர் செத்துப்போனால் டிரிமை அணைத்திருந்தது எதற்கும் உதவாது. ஷிஃப்ட் இல்லாமல் டெலீட் அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்கு நகரும், அவ்வளவுதான். அதைக் காலி செய்யும்வரை டிரிம் போகாது, அந்தப் பழக்கம் இலவசம்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இடைப்பட்ட வழி ஒன்று ஏற்கெனவே அமைந்திருக்கிறது. உபுண்டு போன்றவற்றில் அழித்த உடனே டிரிம் போவதில்லை, `fstrim.timer` வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பும். தவறி அழித்தவுடன் செய்ய வேண்டியது:

```
sudo systemctl stop fstrim.timer
```

கணினியை அணைத்துவிட்டு மறுபடி இயக்கித் தேடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த வாரத்து முறை தவறியிருந்தால் மறுபடி இயங்கியதும் அது தானாக ஓடிவிடும். வேறொரு பென் டிரைவிலிருந்து பூட் செய்து தேடுங்கள்.

வெளியே யுஎஸ்பி-யில் மாட்டும் எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால், யுஎஸ்பி-யையும் எஸ்எஸ்டி-யையும் இணைக்க உள்ளே இருக்கும் பாலச் சிப்பு டிரிமைக் கடத்துமா என்று பாருங்கள். பல உறைகள் கடத்துவதில்லை. அப்படிப்பட்டதில் அழித்த கோப்பு நன்றாகவே மீளும், ஆனால் வருடம் முழுக்க எழுதி அழித்துக்கொண்டே இருந்தால் மேலே சொன்ன மந்தம் வரும். லினக்ஸில் `lsblk --discard` கொடுத்தால் `DISC-MAX` என்ற பத்தியில் அந்த டிரைவுக்கு நேரே `0B` என்று வருகிறதா பார்க்கலாம். வந்தால் அந்த இணைப்பில் டிரிம் போவதில்லை. கடையில் பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் வீட்டில் சோதித்துவிடுங்கள்.